ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹீத்ரோ வரை: ஒரு சரக்கு மின்னஞ்சலின் வழியே

ஈஸ்ட் ஹாம், ஹை ஸ்ட்ரீட் நார்த்

இலண்டனின் கிழக்கே நியூஹாம் வட்டாரத்தில் அமைந்த ஈஸ்ட் ஹாமின் ஹை ஸ்ட்ரீட் நார்த், இங்கிலாந்தில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளை அடுத்தடுத்துக் காணக்கூடிய சில தெருக்களுள் ஒன்றாகும். மகாலட்சுமி கோயில் இத்தெருவிலேயே உள்ளது. முருகன் கோயிலும் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்களும், படிப்புக்காகவும் வேலைக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து பின்னாளில் வந்தவர்களும் ஒரே நடைபாதையில் கலந்து செல்வதால், இங்குள்ள உணவகங்களும் இரு கரைச் சமையலையும் ஒரே அடுப்பில் செய்யப் பழகிவிட்டன. தோசைக்கும் சாம்பாருக்கும் பக்கத்திலேயே இடியப்பமும் சொதியும், கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும், இரவில் தகட்டில் கொத்துரொட்டி அடிக்கும் ஓசையும் சேர்ந்தே இருக்கும்.

இத்தகைய உணவகம் ஒன்றின் சமையலறை அடங்குவதற்கு இரவு பதினொரு மணி ஆகிறது. தகட்டைச் சுரண்டி, தரையைக் கழுவி, மறுநாள் மாவைக் கரைத்து வைத்தபின்னரே சமையற்பொறுப்பாளர் குளிர்பதன அறையின் கதவைத் திறந்து, இருப்பதைக் கண்ணால் எண்ணி, கைபேசியில் மின்னஞ்சல் எழுதத் தொடங்குகிறார். காய்கறியும் மசாலைச் சரக்கும் இறக்குமதி செய்து வழங்கும் வணிகருக்கு வாரம் இருமுறை இவ்வாறு எழுதப்படுகிறது. முந்திய வரவின் குறைகள், அடுத்த வரவுக்கான தேவைகள், கேட்ட பொருள் கிடைக்காதபோது ஏற்றுக்கொள்ளத்தக்க மாற்றுகள் ஆகிய மூன்றும் ஒரே மடலில் அடங்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலோ ஒட்டன்சத்திரம் சந்தையிலோ சரக்கெடுக்கும் ஒருவருக்கு இந்த மூன்றாவது பகுதி தேவைப்படுவதில்லை. முருங்கைக்காய் முற்றியிருந்தால் முறித்துப் பார்த்துவிட்டு அடுத்த கடையில் புடலங்காயை வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பலாம். இலண்டனில் அந்தக் கையும் கண்ணும் செய்யும் வேலையை, பொருளைப் பார்ப்பதற்கு ஒன்றரை நாள் முன்னதாகவே எழுத்தில் செய்து முடிக்கவேண்டியிருக்கிறது. புதன்கிழமை இரவு எழுதப்பட்ட மடல் ஒன்று இவ்வாறு அமைந்திருந்தது.

பொருள்: புதன் குறைவு, வெள்ளி ஓடர்

வணக்கம் அண்ணை,

இண்டைக்கு வந்த சாமானில குறைவு இவ்வளவும்.
முருங்கைக்காய் பில்லில 3 பெட்டி, இறக்கினது 2. டிரைவர் தம்பியும் பாத்துக் கையெழுத்து வைச்சவர்.
கத்தரிக்காய் ஒரு பெட்டியில அடிப்பக்கம் ஒன்றரைக் கிலோ மட்டில பழுது. படம் இணைச்சிருக்கிறன்.
பெருங்காயம் மாறி வந்திட்டுது. நாங்கள் கேட்டது அரிசிமா கலந்தது, வந்தது கோதுமைமா. திறக்கேல்லை, வெள்ளி வாகனத்தில திருப்பி எடுங்கோ.

வெள்ளிக்கிழமைக்கு:
முருங்கைக்காய் 3 பெட்டி. இல்லாட்டி 2 பெட்டியும் ஃப்ரோஸன் 10 பக்கெட்டும். ஃப்ரோஸன் சாம்பாருக்கு மட்டும்தான், முழுக்க அதை அனுப்பவேண்டாம்.
கறிவேப்பிலை 2 கிலோ. பச்சை இல்லாட்டி ஃப்ரோஸன். காய்ஞ்சது வேண்டாம்.
நீளக் கத்தரிக்காய் 3 பெட்டி. இல்லாட்டி ஒல்லாந்துக் கத்தரிக்காய் 1 பெட்டி மட்டும்.
சின்ன வெங்காயம் 10 கிலோ. இல்லாட்டி சிவப்புப் பம்பாய் வெங்காயம் அதே நிறை.
செத்தல் மிளகாய் 5 கிலோ, போன முறை வந்த அதே வகை. வேற வகையெண்டால் முதல்ல சொல்லுங்கோ.
கடுகு 2 கிலோ, பெருங்காயம் 1 கிலோ. இந்த ரெண்டுக்கும் மாற்று வேண்டாம், இல்லாட்டி இல்லையெண்டு எழுதுங்கோ.

நாளைக்குப் பின்னேரம் 4 மணிக்கு முதல் பதில் போட்டால் மெனுவைப் பாத்து மாத்தலாம்.
நன்றி அண்ணை.

மடலின் முதற்பகுதியில் மூன்று குறைகள் சொல்லப்படுகின்றன. மூன்றும் மூன்று வகையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றுக்கான தீர்வும் வேறுபடுகிறது. முருங்கைக்காய் எண்ணிக்கையில் குறைந்தது. இதற்கு வாகனம் நிற்கும்போதே எண்ணி, ஓட்டுநரிடம் பற்றுச்சீட்டில் திருத்தமும் கையெழுத்தும் வாங்கியிருந்தாலன்றி மறுநாள் வாதாட வழியில்லை. கத்தரிக்காய் எண்ணிக்கையில் சரியாக இருந்து தரத்தில் குறைந்தது. மேலடுக்கு பளபளப்பாக இருக்க, அழுகல் அடியில் இருப்பதே பெட்டிச் சரக்கின் இயல்பாதலால், பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து அன்றே படமெடுத்தால்தான் அந்தப் பழுது வழியில் நேர்ந்ததா, சமையலறையில் நேர்ந்ததா என்ற கேள்வி எழாது. இவ்விரண்டுக்கும் வணிகர் கடன் வரவுச்சீட்டு அனுப்பி, அடுத்த பட்டியலில் தொகையைக் கழித்துவிடுகிறார். பெருங்காயத்தில் எண்ணிக்கையும் சரி, தரமும் சரி. ஆனால் கேட்ட பொருளே வேறு. திறந்துவிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பதாலேயே மடலில் ‘திறக்கேல்லை’ என்ற ஒற்றைச் சொல் சேர்க்கப்பட்டிருக்கிறது.

லேட்டன், நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்

மடலைப் பெறும் வணிகரின் கொள்முதல் ஆள் அதை வாசிப்பது நள்ளிரவு கடந்தபின், லேட்டனில் உள்ள நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மொத்தச் சந்தையின் வாகனத் தரிப்பிடத்தில் ஆகும். 1682இல் இரண்டாம் சார்லஸ் மன்னரின் சாசனம் பெற்று நகரின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தொடங்கிய காய்கனிச் சந்தை, 1991இல் லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள இவ்விடத்துக்கு மாறியது. ஊர் உறங்கும் வேளையில் இங்கே மட்டும் வெள்ளை வெளிச்சம் எரிகிறது. பாரந்தூக்கி வண்டிகள் ஓசையெழுப்பிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. துருக்கியரும் வங்காளியரும் கானாக்காரரும் பஞ்சாபியரும் அவரவர் கடைமுன் பெட்டிகளை மார்பளவு அடுக்கி வைத்திருக்கின்றனர். கோயம்பேட்டில் நடுநிசியில் லாரி இறங்கும்போது எழும் கூவலும் ஏலமும் இங்கில்லை. விலை காதருகே சொல்லப்படுகிறது, தலையசைவில் முடிகிறது. குளிரோ பெட்டிகளைக் காட்டிலும் மனிதர்களைத்தான் முதலில் தாக்குகிறது. சந்தைக்குள் உள்ள தேநீர்க்கடையில் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியும், பால் மிகுந்த, இஞ்சி என்ற பேச்சே இல்லாத தேநீரும்தான் கிடைக்கும்.

இறக்குமதி வணிகர் தம் சொந்தச் சரக்கில் குறைவு ஏற்பட்டால் இங்கேதான் இட்டு நிரப்புகிறார். ஆகவே உணவகத்தின் மாற்று வரிகள் முதலில் பயன்படும் இடமும் இதுவே. கத்தரிக்காயை எடுத்துக்கொண்டால், ஒல்லாந்திலும் லீ பள்ளத்தாக்கின் வடபகுதியிலும் கண்ணாடிக் கூடங்களில் விளையும் பெரிய கரும் ஊதாக் கத்தரிக்காய் இங்கே எளிதில் கிடைக்கிறது. ஓர் உருப்படியே கால் கிலோவுக்கும் மேல் இருக்கும். விதை குறைவு, சதை பஞ்சுபோன்றது. இதைத் துண்டாக்கி எண்ணெயில் இட்டால் முதலில் எண்ணெயை முழுவதும் உறிஞ்சிவிட்டு, சற்று நேரத்தில் தோல் தனியாகவும் சதை கூழாகவும் பிரிகிறது. பொரித்த குழம்புக்கு வேண்டியதோ தோலும் சதையும் ஒட்டியிருக்கும் விரல்நீளத் துண்டு. உப்புப் பிசறி அரைமணி நேரம் வைத்து நீரைப் பிழிந்துவிட்டுப் பொரித்தால் ஒல்லாந்துக் காயும் ஓரளவு நிற்கும் என்றாலும், மூன்று பெட்டிக்குரிய வேலையை அவ்வாறு செய்ய ஆள் போதாது. சுட்டுப் பிசைந்து சம்பலாக்குவதற்கு மட்டும் அது நம் காயைவிட மேலானது என்பதையும் சொல்லவேண்டும். மடலில் ‘1 பெட்டி மட்டும்’ என்று எழுதப்பட்டதன் கணக்கு இதுதான்: ஒரு பெட்டி சம்பலுக்குச் செல்லும், குழம்பு அன்றைய பட்டியலிலிருந்து நீங்கும். கிடைக்கும் மாற்றை அப்படியே மூன்று பெட்டியாக அனுப்பிவிடும் வணிகர், தம் அளவில் ஓடரை நிறைவேற்றியவராகத் தோன்றினாலும், இரண்டு பெட்டியை உணவகத்தின் குப்பைத்தொட்டிக்கே அனுப்புகிறார்.

சின்ன வெங்காயத்துக்கு அதே நிறையில் சிவப்பு வெங்காயம் ஏற்கப்படுவது, இதற்கு நேர்மாறான நிலை. சாம்பாரில் முழுதாக மிதக்கும் வெங்காயத்தின் அழகு போய்விடும், இனிப்பும் மாறும், ஆயினும் தாளிதத்திலும் அரைப்பிலும் சேரும் பெரும்பங்கை உண்பவர் அறியமாட்டார். பிரெஞ்சுச் சிறுவெங்காயம் சந்தையில் இருந்தும் அது மடலில் குறிப்பிடப்படவில்லை. உருவத்தில் அதுவே நெருங்கியதாயினும், பத்துக் கிலோவை அந்த விலைக்கு வாங்கிச் சாம்பார் விற்க எந்த உணவகத்துக்கும் கட்டாது.

ஹீத்ரோ, சரக்கு முனையம்

விடியலில் வாகனம் நகரின் மறுகோடிக்கு வருகிறது. ஹீத்ரோ விமான நிலையத்தின் தென்புறத்துச் சரக்குக் கிடங்குகளைச் சுற்றிப் புல்வெளியும் குதிரை மேயும் வேலிகளும் இருப்பது வியப்பளிக்கும். அவற்றுக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் தாழ்ந்து வந்து இறங்கிக்கொண்டேயிருக்கும். கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் நைரோபியிலிருந்தும் வரும் காய்கறியில் பெரும்பங்கு பயணிகள் விமானத்தின் வயிற்றுப்பகுதியில், பயணிகளின் பெட்டிகளுக்கு எஞ்சிய இடத்தில் வருகிறது. பள்ளி விடுமுறை நாள்களில் ஊர் சென்று திரும்புவோர் ஆளுக்கு இரண்டு பெட்டியுடன் ஏறும்போது, இலண்டனுக்குப் புறப்படக் காத்திருக்கும் முருங்கைக்காய்தான் அங்கேயே இறக்கிவிடப்படுகிறது. ஆகஸ்ட்டிலும் டிசம்பரிலும் குறைவு மடல்கள் நீளுவதற்கு இது ஒரு காரணம்.

விமானக் கட்டணத்தின் முறையும் இதில் சேர்கிறது. சரக்கின் உண்மை நிறை, அது அடைக்கும் இடத்துக்கு ஈடான நிறை ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் வாங்கப்படுகிறது. பின்னதைக் ‘கன அளவு நிறை’ என்கின்றனர். பெட்டியின் நீள அகல உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் அது கிலோகிராமில் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் நீளமும் 40 அகலமும் 40 உயரமும் கொண்ட பெட்டியின் பெருக்கம் 96,000; வகுத்தால் 16 கிலோ. அப்பெட்டியில் கறிவேப்பிலையை நசுங்காமல் அடுக்கினால் ஏழு கிலோ பிடிக்கும் என்று கொண்டால், ஏழு கிலோ இலைக்கு வணிகர் பதினாறு கிலோவின் கட்டணத்தைச் செலுத்துகிறார். அதனால் இடம் நெருக்கடியாகும்போது ஏற்றுமதியாளர் முதலில் கைவிடுவது இலைவகைகளையே. ஊரில் காய்கறிக்காரர் பைக்குள் இனாமாகத் திணித்துவிடும் ஒரு கொத்து, இங்கே பட்டியலின் அதிக விலைப் பொருள்களுள் ஒன்றாக இருப்பதன் பின்னணியும் இதுதான்.

இறங்கிய சரக்கும் உடனே வெளியே வந்துவிடுவதில்லை. எல்லைக் கட்டுப்பாட்டு நிலையத்தில் ஆவணங்கள் பார்க்கப்பட்டபின், தாவர நலப் பரிசோதகர்கள் சில பெட்டிகளைத் திறந்து, பாகற்காயின் முகடுகளுக்கிடையிலும் கத்தரிக்காயின் காம்புமூடிக்கு அடியிலும் இலைப்பேனும் வெள்ளை ஈயும் உள்ளனவா என்றும், காயில் ஈப்புழு துளைத்த புள்ளி உண்டா என்றும் பூதக்கண்ணாடியால் தேடுகின்றனர். காம்புமூடியைச் சற்றே நெம்பித் தூக்கி, வெள்ளைத்தாளில் தட்டினால், தூசு என்று நினைத்த ஒன்று நகரத் தொடங்குவதைக் காணலாம். இத்தகைய பூச்சிகள் மீண்டும் மீண்டும் பிடிபட்டதாலேயே 2014 மே மாதம், அப்போது பிரிட்டனும் உறுப்பாக இருந்த ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவின் மாம்பழத்தையும், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகிய நான்கையும் தடைசெய்தது. மறு ஆண்டே மாம்பழம் விடுவிக்கப்பட்டபோது செய்தித்தாள்கள் மகிழ்ந்தன. காய்கறிகளுக்கான தடை அதற்குப் பின்னரும் நீடித்ததைப் பேசியவர்கள் உணவகக்காரர்கள் மட்டுமே.

இந்தியக் கறிவேப்பிலையின் சிக்கல் பூச்சியைக் காட்டிலும் பூச்சிமருந்தைப் பற்றியது. எச்சம் அளவு மீறியிருந்த சரக்குகள் முன்பு கண்டறியப்பட்டமையால், அது கூடுதல் சோதனைக்குரிய பொருள்களின் பட்டியலில் வைக்கப்பட்டது. மாதிரி எடுக்கப்பட்டால், ஆய்வக முடிவு வரும்வரை சரக்கு கிடங்கிலேயே நிற்கும். குளிர்பதனத்தில் இருந்தாலும் இலை அந்த நாள்களில் ஓரம் கறுத்து, காம்பிலிருந்து உதிரத் தொடங்கிவிடுகிறது; தேர்ச்சி பெற்றாலும் அது விற்கத் தகாததாக வெளிவரக்கூடும். வணிகர் புதன்கிழமை ‘உண்டு’ என்று சொன்ன இலை வியாழக்கிழமை ‘இல்லை’ ஆவது இவ்வாறுதான்; அதில் அவருடைய பொய் எதுவுமில்லை.

ஹேய்ஸ், வணிகரின் கிடங்கு

விமான நிலையத்துக்கும் சவுத்தாலுக்கும் இடையே உள்ள ஹேய்ஸ் பகுதியில், பழைய தொழிற்சாலை மனைகளில் இத்தகைய கிடங்குகள் நெருங்கி நிற்கின்றன. சவுத்தால் பஞ்சாபியரின் ஊர். நெய்யில் ஜிலேபி பிழியும் மணம் காலையிலேயே தெருவை நிறைத்துவிடும். கிடங்கின் உள்ளேயோ மணம் வேறு: மல்லியும் கருவாடும் அட்டைப்பெட்டியும் கலந்து, யாழ்ப்பாணத்துப் பெரியகடையை நினைவூட்டுகிற ஒரு வாசனை. தட்டுகளில் சரக்கெடுக்கும் இளைஞர்கள், ஓடர்த் தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மடலில் உள்ளதை ஒவ்வொன்றாக இறக்கி வண்டியில் அடுக்குகின்றனர்.

உலர்சரக்கின் குறைவு காய்கறியின் குறைவிலிருந்து முற்றிலும் வேறான கால அளவு கொண்டது. அது கப்பலில் வருவதால், வாரக்கணக்கில் முன்னரே தெரிந்துவிடுகிறது. 2023 ஜூலை 20ஆம் நாள் இந்தியா பாசுமதியல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்து, அடுத்த மாதமே புழுங்கலரிசிக்கு இருபது விழுக்காடு வரி விதித்தபோது, இட்லி அரிசியை முன்கூட்டியே வாங்கி அடுக்க உணவகங்களுக்குச் சில நாள்களாவது கிடைத்தன. அவ்வாண்டின் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் பல நிறுவனங்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரத் தொடங்க, சரக்கு வர இரண்டு வாரம் வரை கூடுதலாயிற்று. அப்போதும் வணிகர்கள் முன்னறிவிப்புக் கொடுத்தனர். ஆகவே உலர்சரக்கில் குறைவைக் காட்டிலும் வகைமாற்றமே பெரிய தொல்லை.

செத்தல் மிளகாய், அதாவது தமிழ்நாட்டில் வற்றல் மிளகாய் அல்லது காய்ந்த மிளகாய் எனப்படுவது, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. குண்டூர்ச் சன்னம் நடுத்தரக் காரமும் போதிய நிறமும் உடையது. தேஜா காரத்தில் அதைவிட மிகவும் மிகுந்தது. கருநாடகத்தின் பியாடகி சுருங்கிய தோலும் ஆழ்ந்த சிவப்பும் கொண்டு, காரம் மிகக் குறைந்தது. சன்னத்தை வறுத்துத் தன் கறித்தூளை அரைக்கும் உணவகத்துக்கு, அதே ஐந்து கிலோவாகத் தேஜா வந்தால், தூள் நாக்கைச் சுடும்; அளவைக் குறைத்தால் குழம்பு வெளிறிப்போய், கெட்டித்தன்மையும் இழக்கும். தேஜாவுடன் பியாடகியும் சேர்த்து அரைத்து, ஒரு சிறு சட்டிக் குழம்பில் பார்த்தபின் விகிதத்தைத் திருத்துவதே ஆகக்கூடிய வழி. இதைச் செய்ய ஒரு பிற்பகல் வேண்டும். ‘வேற வகையெண்டால் முதல்ல சொல்லுங்கோ’ என்ற வரி அந்தப் பிற்பகலைத்தான் கேட்கிறது.

கடுகுக்கும் பெருங்காயத்துக்கும் மாற்றே வேண்டாம் என்று எழுதப்பட்டதன் காரணம் சுவையைச் சார்ந்ததன்று. பிரிட்டனின் உணவுச் சட்டப்படி ஒவ்வாமை உண்டாக்கும் பதினான்கு பொருள்கள் எந்தெந்த உணவில் உள்ளன என்பதை உணவகம் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. குளூட்டன் உள்ள தானியங்கள், நிலக்கடலை, எள், கடுகு ஆகியவை அப்பட்டியலில் அடங்கும். குளூட்டன் என்பது கோதுமை முதலிய தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் என்னும் குடல்நோய் உடையவர்கள் அதைச் சிறிதளவும் உண்ணக்கூடாது. தோசையும் சாம்பாரும் அரிசியும் பருப்புமாக இருப்பதால், இந்நோய் உடைய ஆங்கிலேயர்கள் தமிழ் உணவகங்களை நம்பி வருகின்றனர். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயமோ தனிப் பிசின் அன்று. அந்தப் பிசினைக் கோதுமை மாவுடனோ அரிசி மாவுடனோ, வேலம்பிசினும் சேர்த்துக் கலந்தது. டப்பா ஒரே மஞ்சள்நிறமாக இருக்க, பின்புறத்துச் சிற்றெழுத்தில் மட்டும் மா மாறியிருக்கும். மாறியதை அறியாமல் ஒரு சிட்டிகை போட்டால், சாம்பார், ரசம், உளுந்து வடை ஆகிய மூன்றின் நேரே உணவகம் எழுதிவைத்த குறிப்பும் பொய்யாகிவிடும்.

கடுகைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் வந்தது. 2024 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து வந்த சில கடுகுப் பொருள்களில் நிலக்கடலை கலந்திருக்கலாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை அறிவித்து, கடலை ஒவ்வாமை உடையவர்கள் கடுகு சேர்ந்த உணவைத் தவிர்க்குமாறு கூறியது. தாளிக்காத கறியே இல்லாத ஒரு சமையலறைக்கு அந்த அறிவிப்பு என்னவாக இருந்திருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. அதன்பின் இவ்வுணவகம் கடுகை ஒரே மூலத்திலிருந்து, உறையின் தொகுதி எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு வாங்குகிறது. வேறு மூலத்துச் சரக்கு இடையில் நுழைந்தால் அந்தக் குறிப்பேடு பயனற்றதாகிவிடும்.

மீண்டும் ஈஸ்ட் ஹாம்

வியாழக்கிழமை பிற்பகல் வணிகரின் பதில் வந்தது. முருங்கைக்காய் இரண்டு பெட்டி பச்சை, மீதிக்கு ஃப்ரோஸன், கறிவேப்பிலை சோதனையில் நிற்பதால் ஃப்ரோஸன், நீளக் கத்தரிக்காய் ஒரு பெட்டி மட்டும், ஒல்லாந்துக் காய் ஒரு பெட்டி, சின்ன வெங்காயமும் சன்னமும் கேட்டபடி, கடுகு உண்டு, அரிசிமாப் பெருங்காயம் இல்லை. இவ்வளவும் நான்கு வரிகளில் எழுதப்பட்டு, குறைந்த முருங்கைக்கும் பழுதான கத்தரிக்கும் வரவுச்சீட்டு எண் இணைக்கப்பட்டிருந்தது. நல்ல வணிகரை இனங்காண விலைப்பட்டியலைவிட ‘இல்லை’ என்ற சொல்லை அவர் எத்தனை மணிக்கு எழுதுகிறார் என்பதே உதவும் எனலாம்; நான்கு மணிக்குக் கிடைக்கும் ‘இல்லை’க்கும் வாகனத்தின் கதவைத் திறந்தபின் கிடைக்கும் ‘இல்லை’க்கும் இடையே ஒரு முழு நாளின் உணவுப்பட்டியல் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை காலை வாகனம் வந்தபோது, சமையற்பொறுப்பாளர் தாளில் உள்ள வரிசையில் எண்ணாமல், கெடக்கூடியதையும் உருகக்கூடியதையும் முதலில் எண்ணினார். உறைந்த பொதிகளை உள்ளே அனுப்பியபின்னரே மிளகாய்ச் சாக்குக்கு வந்தார். உறைந்த முருங்கைக்காயைப் பொதியிலிருந்து எடுத்துக் கையால் வளைத்தால் அதன் குணம் தெரியும். உறையும்போது உள்ளேயுள்ள நீர் பனிப்படிகமாகி உயிரணுச் சுவர்களைக் கிழித்துவிடுவதால், வெந்தவுடன் சதை நாரைவிட்டுக் கழன்று குழம்பில் கரைகிறது. பருப்பு வெந்து, புளி கொதித்து அடங்கும் நேரத்தில் கடைசியாகச் சேர்த்தால், சாம்பாருக்கு அந்தக் கரைசலே நன்மை செய்யும். தேங்காய்ப்பாலில் வற்றவைக்கும் முருங்கைக்காய்க் கறியில் அதைப் போட்டாலோ, தட்டில் வெறும் நார்க்குச்சிகளே எஞ்சும். வந்த இரண்டு பெட்டிப் பச்சைக் காயும் கறிக்கென்று ஒதுக்கப்பட்டதும், பொதிகள் சாம்பாருக்கென்று பிரிக்கப்பட்டதும் இதனால்தான்.

உறைந்த கறிவேப்பிலைக்கும் ஒரு முறை உண்டு. மேசையில் வைத்து உருகவிட்டால் சில நிமிடங்களில் கறுத்துச் சேறாகிவிடும் என்பதால், உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு சூடான எண்ணெயில் போடவேண்டும். ஒட்டியுள்ள பனி வெடித்துத் தெறிக்கும், ஆகவே தட்டால் மூடிக்கொள்ளவேண்டும். மணம் பச்சையிலையை எட்டாது. இச்சமையலறையில் ஒன்றரை மடங்கு சேர்த்து ஈடுசெய்கின்றனர். காய்ந்த இலையில் எளிதில் ஆவியாகும் மணநெய்யில் பெரும்பகுதி போய்விடுவதால், எத்தனை மடங்கு சேர்த்தாலும் வைக்கோல் வாசமே மிஞ்சும். சொதியில் தாளிப்பில்லாமல் மேலே தூவப்படும் இலைக்கு மட்டும் உறைந்ததும் ஈடாகாது. அன்றைய சொதிக்கு, சமையற்பொறுப்பாளரின் மாமியார் சமையலறைச் சன்னலோரத் தொட்டியில் வளர்க்கும் செடியிலிருந்து இரண்டு ஈர்க்கு வந்து சேர்ந்தது. இலண்டன் தமிழர் வீடுகளில் குளிர்காலத்தில் குழந்தைக்கு அடுத்தபடியாகக் கவனிக்கப்படும் உயிர் அதுதான் என்று சொல்லப்படுவதில் மிகை குறைவு.

கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு நண்பகலுக்கு மட்டும் என்று பலகையில் எழுதப்பட்டு, ஒன்றரை மணிக்குள் தீர்ந்தது. மாலையில் சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல் அந்த இடத்தைப் பிடித்தது. பெருங்காயத்துக்கு மட்டும் தெருமுனையில் உள்ள சில்லறைக் கடைக்கு ஆள் அனுப்பப்பட்டது. அங்கிருந்த மூன்று வகை டப்பாக்களில் ஒன்றில்தான் அரிசிமா இருந்தது. நூறு கிராம் டப்பாக்கள் ஐந்து, மொத்த விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கப்பட்டன. கோதுமைமாப் பெட்டி திறக்கப்படாமல் வாகனத்தில் ஏறியது. ஓட்டுநர் அதற்குத் தனிச்சீட்டு எழுதிக் கையெழுத்திட்டார். திங்கள் இரவு எழுதவேண்டிய அடுத்த மடலின் முதல் வரியாக, அந்தச் சீட்டின் எண் குளிர்பதன அறைக் கதவிலுள்ள தாளில் குறித்துவைக்கப்பட்டது.